தலைப்பின் இரண்டு பாதிக்கும் இரண்டு வேலை

கேள்வி: தமிழ் வழியில் படித்தவர்களுக்காக யூடியூபில் ஸ்போக்கன் இங்கிலீஷ் பாடங்கள் போடுகிறேன். தலைப்பை இரு மொழியிலும் எழுதச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் டென்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் அதன் தமிழாக்கத்தையும் கொடுத்தேன். ஆனாலும் தேடி வருபவர்கள் குறைவு. ஏன்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், அம்மா. இரு மொழித் தலைப்பு என்றதும் ஒரே செய்தியை இரண்டு முறை சொல்வது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்தின் பெயர் தெரிந்தவர் உங்கள் பாடத்தைத் தேட மாட்டார். தெரியாதவருக்கு ஆங்கிலப் பெயரும் புரியாது, அதன் தமிழாக்கம் அதைவிடப் புரியாது.

கற்க வருபவரிடம் இருப்பது இலக்கணப் பெயர் அல்ல, வாய்வரை வந்து நிற்கும் ஒரு தமிழ் வாக்கியம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ‘ரெண்டு மணி நேரமா வெயிட் பண்றேன்’ என்று போனில் சொல்ல வேண்டும். அது ஆங்கிலத்தில் வரவில்லை. ஆகவே தமிழ்ப் பாதி அவர் சொல்ல நினைப்பதைப் பேச்சுத் தமிழிலேயே காட்டட்டும். ஆங்கிலப் பாதி, பாடம் முடிந்ததும் அவர் சொல்லப்போகும் வாக்கியமாக இருக்கட்டும். உங்கள் பாடத்துக்கு நான் வைக்கும் தலைப்பு இது:

```
2 மணி நேரமா வெயிட் பண்றேன் | I have been waiting for 2 hours | Spoken English in Tamil
```

யூடியூப் தலைப்புக்கு 100 குறிகள்வரை இடம் தருகிறது. குறி என்பது கணினி தனித்தனியாகச் சேமிக்கும் துண்டு. புள்ளியும் கொம்பும் நமக்கு எழுத்தோடு சேர்ந்தவை, கணினிக்குத் தனிக் குறிகள். ‘மணி நேரமா வெயிட் பண்றேன்’ என்பதில் நாம் எண்ணினால் 12 எழுத்துகள். இடைவெளிகளை விட்டுவிட்டால்கூடக் கணினிக்கு 21 குறிகள். மேலே உள்ள தலைப்பு மொத்தம் 86. நீளமான தலைப்பின் வால் போன் திரையில் வெட்டுப்படும் என்பதால், தமிழ் வாக்கியத்தை முதலிலும் எல்லாப் பாடத்துக்கும் பொதுவான சொற்களைக் கடைசியிலும் வைத்தேன். வெட்டுப்பட்டால் அந்த வால்தான் போகட்டும்.

அடுத்து, வீடியோவுக்குக் கீழே வரும் விளக்கக் குறிப்பு. அதன் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே கண்ணில் படும். மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். ‘வணக்கம் நண்பர்களே’ என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும். தமிழில் யோசித்து ஆங்கிலம் பேசும்போது நாம் வழக்கமாகச் செய்யும் தவறை அங்கே வையுங்கள். படிப்பவர் ‘அட, நான் இப்படித்தானே சொல்கிறேன்’ என்று தன்னையே அதில் பார்ப்பார்.

```
"I am waiting since 2 hours" தவறு.
சரி: I have been waiting for 2 hours.
"2 மணி நேரமா" என்றால் for, "காலையிலிருந்து" என்றால் since.

00:00 நாம் செய்யும் தவறு
01:10 for: எவ்வளவு நேரமா?
03:40 since: எப்போதிலிருந்து?
06:05 சேர்ந்து சொல்லிப் பழகுவோம்
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். கால அளவைச் சொல்லும்போது நாம் ‘நேரமா’, ‘வருஷமா’ என்கிறோம். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘இலிருந்து’. ஆங்கிலம் பிரிக்கும் அதே இடத்தில் தமிழும் பிரிக்கிறது. விதியை அந்த ஒரு வரியில் கொடுத்துவிட்டால் இலக்கணப் பெயருக்கு அங்கே வேலையே இல்லை.

நேரக் குறிப்புகள் வீடியோவில் பகுதிகளாகப் பிரிந்து தெரிய வேண்டுமென்றால் பட்டியல் 00:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று பகுதிகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 10 நொடியாவது ஓட வேண்டும். ஒன்று தவறினாலும் பிரிவுகள் தோன்றாது.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் நிறைய உண்டு. அவர்களுக்காகக் குறிப்பின் கடைசியில் ஒரு முழு வாக்கியம் சேர்க்கலாம்:

```
2 mani nerama wait panren - idhai English-la eppadi solradhu?
```

ஒன்று போதும். தேடுசொற்களை அடுக்கடுக்காகக் கொட்டுவது யூடியூப் விதிகளுக்கே எதிரானது. வீடியோ நீக்கப்படவும் கூடும்.

தலைப்பு பலித்ததா என்பதை யூடியூப் ஸ்டூடியோவில் பார்க்கலாம். பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் பகுதியில் யூடியூப் தேடலைத் திறந்தால், அவர்கள் தட்டிய சொற்களே வரிசையாக இருக்கும். அங்கே நீங்கள் எதிர்பாராத ஒரு தமிழ் வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அதையே அடுத்த பாடத்தின் தலைப்பாக்குங்கள். தேடி வந்தவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே போய்விடுகிறார்கள் என்றால் தலைப்பை மாற்றிப் பயனில்லை. தலைப்பில் சொன்ன வாக்கியம் பாடத்தில் தாமதமாக வருகிறது என்று பொருள். அதைப் பாடத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.