வாடகைச் சமையற்கூடத்தில் ஒரு காலை: தொழில் திட்டத்தின் செயல்பாட்டுப் பகுதியை எழுதவைத்தல்

மேல்நிலை வணிகவியல் மாணவர்களிடம் தொழில் திட்டம் எழுதச் சொன்னால், முதலீடு, விளம்பரம், இலாபம் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். செயல்பாட்டுப் பகுதிக்கு வரும்போது மட்டும் 'தரமான பொருள்களைக் கொண்டு சுகாதாரமாகத் தயாரிப்போம்' என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறார்கள். எந்த நேரத்தில், யார், எதை, எவ்வளவு செய்கிறார் என்று சொல்வதுதான் அந்தப் பகுதி. அதைக் கற்பிக்க, வீட்டிலிருந்து வாடகை இடத்துக்கு மாறும் ஒரு முறுக்குத் தொழிலை எடுத்துக்கொள்ளலாம்.

சிதம்பரத்தில் ஓர் அம்மையார் வீட்டு அடுப்பில் முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஈட்டுக்குக் கால் கிலோ, ஆறு நிமிடம். ஆக, மணிக்கு 2½ கிலோ. கடலூர்க் கடைகள் நாளொன்றுக்கு 20 கிலோ கேட்கின்றன. அதனால் ஊருக்குள்ளேயே ஒரு சமையற்கூடத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு பெரிய அடுப்புகள் போடுகிறார். அடுப்புக்கு ஓர் ஆள், பொட்டலமிட ஓர் ஆள் என மூன்று பேர். காலை 10 மணிப் பேருந்தில் சரக்கை ஏற்றிவிட வேண்டும்.

இங்கே மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். பெரிய வாணலியில் ஓர் ஈட்டுக்கு அரை கிலோ, ஏழரை நிமிடம். அடுப்புக்கு மணிக்கு 4 கிலோ. இரண்டும் சேர்ந்து 8 கிலோ. ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு 20 கிலோவும் வெந்துவிடும். 'பிறகென்ன, நேரம் நிறையவே இருக்கிறதே' என்பார்கள்.

ஆனால் முறுக்கைச் சூட்டோடு பையில் போட முடியாது. உள்ளே ஆவி படிந்து மறுநாளே நமுத்துப்போகும். தட்டில் பரப்பி ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். ஆகவே பொட்டலமிடுவது ஏழு மணிக்குத்தான் தொடங்கும். 200 கிராம் நிறுத்து, லேபிள் ஒட்டி, வாயை மூட இரண்டு நிமிடம் என்றால், ஒருவரால் மணிக்கு 30 பொட்டலம், அதாவது 6 கிலோதான் முடியும். 20 கிலோவுக்கு 3 மணி 20 நிமிடம். முடியும்போது 10.20. பேருந்து போயிருக்கும்.

'மூன்றாவது அடுப்பு வாங்கலாம்' என்று வகுப்பில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்தப் பதிலை உடனே மறுக்காமல், அவர்களையே கணக்குப் போட விடுங்கள். அடுப்பு கூடினால் ஆறிக் காத்திருக்கும் முறுக்குதான் கூடும். தடை பொட்டலமிடும் மேசையில் இருக்கிறது. எட்டரைக்கு அடுப்பை அணைத்ததும் அங்கிருந்த ஒருவர் மேசைக்கு வந்தால்? அதற்குள் 9 கிலோ கட்டியாயிற்று. மீதி 11 கிலோ இருவருக்கு 55 நிமிடம். கடைசி ஈடு ஆறுவதே ஒன்பதரைக்குத்தான் என்பதால், ஒன்பதரையை ஒட்டி வேலை முடிகிறது. கூடுதல் செலவு ஏதுமில்லை. தட்டுக்கு ஒரு கிலோ என்றால் எட்டரைக்கு 11 தட்டுகள் ஒருசேர நிறைந்திருக்கும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. வாங்க வேண்டியவை பட்டியலில் '12 தட்டு' என்று எழுத இப்போது காரணம் இருக்கிறது. (நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதை அப்படியே ஏழாம் வகுப்புக் கணக்காகக் கொடுக்கலாம்.)

இடம் மாறுவதால் வருபவற்றையும் இந்தப் பகுதியில்தான் எழுத வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு தயாரிக்கும் இடத்தையும் சேர்த்தே வழங்கப்படுவது. வீட்டு முகவரியில் பெற்றதை வைத்துக்கொண்டு புதிய இடத்தில் சமைக்க முடியாது. பையிலும் தயாரிப்பாளர் முகவரி இருக்க வேண்டும் என்பதால், பழைய முகவரியோடு மொத்தமாக அச்சடித்த பைகள் வீணாகும். இடம் மாறும் தேதியை முடிவு செய்த பிறகே அடுத்த கட்டுப் பைகளுக்குச் சொல்வது நல்லது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை இங்கே பயன்படுத்தக் கூடாது. வணிகச் சிலிண்டர் 19 கிலோ. அதன் விலை வேறு என்பதால் ஒரு கிலோ முறுக்கின் அடக்கவிலையும் மாறும்.

எண்ணெய்க்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் நிறம் கறுப்பது, நுரை அடங்காமல் நிற்பது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவது ஆகியவை அடையாளங்கள். 'எண்ணெயை அடிக்கடி மாற்றுவோம்' என்பது செயல்பாடு ஆகாது. 'வேலை முடிந்ததும் வடிகட்டி, இன்னார் பார்த்து, பதிவேட்டில் குறிப்பார். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெய் மறுநாள் வாணலிக்கு வராது' என்பது செயல்பாடு.

கடைசியாக மழை. கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். கோடையில் ஒரு மாதம் மொறுமொறுப்பாக இருந்த முறுக்கை நம்பிப் பையில் ஒரு மாதக் கெடு அச்சடித்தால், கார்த்திகையில் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். மழைக்காலத் தயாரிப்பிலிருந்து பத்துப் பொட்டலங்களை எடுத்துவைத்து, மூன்று நாளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நமுத்த முதல் பொட்டலத்துக்கு முந்தையது எத்தனையாவது நாளோ, அதற்கும் சில நாள் குறைத்துக் கெடுவை எழுதலாம்.