மூன்றா, நாலரையா?

கேள்வி: கூம்பில் மணலை அள்ளி உருளையில் கொட்டினால் மூன்று முறையில் நிறைய வேண்டும். எங்கள் வகுப்பில் நாலு முறைக்கு மேல் ஆகிறதே, ஏன்?

பதில்: கோளாறு பெரும்பாலும் கத்தரியில்தான். உருளையின் உயரம் 8 செ.மீ. என்றால், பலரும் 8 செ.மீ. ஆரமுள்ள அட்டையையே கூம்பாகச் சுருட்டிவிடுகிறார்கள். அது சாயுயரம். அடி ஆரம் 6 செ.மீ. என்றால் நேருயரம் சுமார் 5.3 செ.மீ. மட்டுமே தேறும், உருளை நிறைய நாலரைக் கூம்பு மணல் வேண்டும்.

10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 216 பாகைத் துண்டை, ஒட்டுவதற்குச் சிறு விளிம்பு விட்டு வெட்டினால் நேருயரம் 8 செ.மீ. கிடைக்கும். உருளைக்கு 37.7 செ.மீ. நீளப் பட்டை, அதே ஒட்டு விளிம்போடு.

மணல் சலித்து உலர்ந்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அடிக்கோலால் விளிம்போடு வழித்துவிட வேண்டும். தட்டினால் மணல் இறுகிக் கணக்கு பிசகும். முதல் கூம்பைக் கொட்டியதும் மட்டப்படுத்தி அளந்தால், மணல் ஏறக்குறைய 2.7 செ.மீ. நிற்கும்.