குழந்தை தூங்க மருந்து: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சளி சிரப் கொடுத்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்கும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

உண்மை: சளி, அலர்ஜி சிரப்புகளில் உள்ள குளோர்பெனிரமைன், புரோமெத்தசின் போன்ற மருந்துகளுக்கு மயக்கம் ஒரு பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவுக்காகவே இவற்றைக் கொடுப்பது ஆபத்தான பழக்கம். சில குழந்தைகளுக்கு இவை தூக்கத்துக்குப் பதில் பரபரப்பையும் எரிச்சலையும் கொண்டுவரும். புரோமெத்தசின் மூச்சை மந்தப்படுத்தக்கூடும் என்பதால் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் 6 முதல் 15 மாதக் குழந்தைகளிடம் இதே வகை மருந்தான டைஃபென்ஹைட்ரமைனைச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இரவில் குழந்தை விழிப்பதைக் குறைப்பதில் அது மருந்தில்லாத போலி சிரப்பைவிட மேலானதாக இல்லை.

நம்பிக்கை: தூங்கப்போகும் பழக்கங்களை மாற்றுவதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், எங்கள் பிள்ளைக்குச் சரிப்படாது.

உண்மை: ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பள்ளியிலிருந்து வந்து மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை தூங்குகிறது. இரவு எட்டரைக்குப் படுக்கவைத்தால் தண்ணீர், கழிப்பறை, அழுகை என்று இழுத்தடித்து, பத்தரைக்குத்தான் கண்ணயர்கிறது. காலை ஏழுக்கு எழுகிறது. கூட்டிப் பாருங்கள்: மொத்தம் பத்தரை மணி நேரம். இந்த வயதுக்குத் தேவை 10 முதல் 13 மணி நேரம். ஆகவே இந்தக் குழந்தைக்குத் தூங்கும் திறனில் கோளாறு இல்லை. தூக்கம் நேரம் மாறி வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதுங்கள். பிறகு காலை ஆறரைக்கு எழுப்புவதை ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே மாதிரி வையுங்கள். மாலைத் தூக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே போனும் டிவியும் ஓயட்டும். பல் துலக்கல், உடை மாற்றல், மங்கலான விளக்கில் ஒரு கதை என்று அரைமணி நேர ஒழுங்கு தினமும் அதே வரிசையில் நடக்கட்டும்.

அடுத்த படிதான் பெற்றோர் எதிர்பார்க்காதது: தொடக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்க வேண்டியது எட்டரைக்கு அல்ல, உண்மையில் தூக்கம் வரும் பத்தரைக்கு. படுத்த இருபது நிமிடத்துக்குள் மூன்று இரவு தொடர்ந்து தூங்கிவிட்டால், படுக்கும் நேரத்தைக் கால்மணி முன்னே நகர்த்துங்கள். இப்படி எட்டு முறை நகர்த்தினால் மூன்றரை வாரத்தில் எட்டரைக்கு வந்துவிடலாம். முதல் சில இரவுகளில் அழுகை கூடக்கூடும். பெரும்பாலானோர் கைவிடுவது அப்போதுதான். ஒரு நாள் விட்டுக்கொடுத்து மறுநாள் கண்டிப்பு காட்டினால், இன்னும் பலமாக அழுதால் நினைத்தது நடக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது.

நம்பிக்கை: தூக்கம் கெடுவதெல்லாம் வெறும் அடம்தான்.

உண்மை: இவ்வளவு செய்தும் மாறாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலான இரவுகளில் குறட்டை, இடையிடையே மூச்சுத் திணறல் இருந்தால் அடினாய்டு, டான்சில் வீக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது மூச்சுத் தடையை மோசமாக்கும். படுத்ததும் கால் ஊர்வதுபோல் இருக்கிறது என்று உதறிக்கொண்டே இருந்தால், உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவை. அது குறைவாக இருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்துதான் அங்கே தூக்கத்துக்கான மருந்து.

நம்பிக்கை: மெலடோனின் உடலிலேயே சுரப்பது, யாருக்கும் கொடுக்கலாம்.

உண்மை: இருட்டியதும் மூளை சுரக்கும் மெலடோனின், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன். மாத்திரையாகக் கொடுத்தாலும் அளவும் நேரமும் பொருந்த வேண்டும். அமெரிக்கக் கடைகளில் விற்ற 25 மெலடோனின் கம்மி வகைகளைச் சோதித்து 2023இல் வெளியிட்டபோது, 22இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.

அதற்கு உரிய இடமும் உண்டு. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தூக்கத்தின் உயிரியல் கடிகாரமே மாறியிருக்கும். அவர்களுக்காகவும் ஸ்மித்-மெகனிஸ் என்ற அரிய மரபணுக் குறைபாடு உள்ளவர்களுக்காகவும், மெதுவாகக் கரையும் மெலடோனின் மாத்திரை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அனுமதித்தது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: தூக்கப் பழக்கங்களை மாற்றிப் பார்த்தும் போதாதபோதுதான் கொடுக்கலாம். கவனக்குறைவு-மிகையியக்கக் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்கும் மருத்துவர் இதை எழுதுவதுண்டு. குறைந்த அளவில் தொடங்கி, பலன் இருக்கிறதா என்று சில வாரத்தில் பார்த்து, அவ்வப்போது நிறுத்திச் சோதிப்பதுதான் முறை. மருந்து எழுதிய பிறகும் எழுப்பும் நேரமும் படுக்கை ஒழுங்கும் தொடர வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரையை நிறுத்திய வாரமே பழைய பத்தரை மணி திரும்பிவிடும்.