ஒரே ஓடர், மூன்று பில்: விற்பனை அறிக்கையில் எத்தனை?

பனிச்சங்கேணி மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில் இருப்பதால், அங்குள்ள கடைகளுக்குத் தெற்கே ஓட்டமாவடியில் இருந்தும் சாமான் போகலாம், வடக்கே மூதூரில் இருந்தும் போகலாம். இரண்டு இடத்திலும் களஞ்சியம் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு இது வசதிதான். ஆனால் ஒரு கடைக்காரர் ஒரே தடவையில் கேட்ட சாமான் இரண்டு களஞ்சியங்களில் இருந்து வெவ்வேறு நாட்களில் போகும்போது, மாத முடிவில் விற்பனை அறிக்கை குழம்பிவிடுகிறது. அந்தக் குழப்பம் எப்படி வருகிறது, அதை எப்படித் தீர்ப்பது என்பதை இவ்வாரம் ஒரு கற்பனை உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

ஓகஸ்ட் 28 ஆம் திகதி பனிச்சங்கேணிக் கடையொன்று 1,80,000 ரூபாவுக்கு ஓடர் கொடுக்கிறது. ஓடர் புத்தகத்தில் அதன் இலக்கம் 412. அன்றே ஓட்டமாவடியில் இருந்து 60,000 ரூபாவுக்கு அரிசியும் சீனியும் போகின்றன. 30 ஆம் திகதி மூதூரில் இருந்து 90,000 ரூபாவுக்கு நைலோன் வலையும் கயிறும் போகின்றன. கையிருப்பில் இல்லாத 30,000 ரூபா சாமான் செப்டெம்பர் 3 ஆம் திகதி ஓட்டமாவடியில் இருந்து போகிறது. ஓடர் ஒன்று, பில் மூன்று.

அதே மாத இறுதியில் காயங்கேணிக் கடையொன்றின் 40,000 ரூபா ஓடர் (413) ஓட்டமாவடியில் இருந்தும், கதிரவெளிக் கடையொன்றின் 20,000 ரூபா ஓடர் (414) மூதூரில் இருந்தும் ஒரே தடவையில் போய்விடுகின்றன. மொத்தம் 2,40,000 ரூபா. பில்களை எண்ணினால் ஐந்து, ஆகவே சராசரி ஓடர் 48,000 ரூபா. ஓடர்களை எண்ணினால் மூன்று, சராசரி 80,000 ரூபா.

இந்த வித்தியாசம் காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்குவோருக்கு நீங்கள் 2 வீதம் கழிவு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பனிச்சங்கேணிக் கடைக்காரரின் மூன்று பில்லில் ஒன்றுகூட ஒரு இலட்சத்தைத் தொடவில்லை. பில்லைப் பார்த்துக் கழிவு கொடுத்தால் அவருக்குச் சேரவேண்டிய 3,600 ரூபா கிடைக்காது. சாமானைப் பிரித்து அனுப்பியது நீங்கள், நட்டப்படுவது அவர். அடுத்த முறை அவர் வேறு ஒருவரிடம் போகக்கூடும். ஓடருக்கு இவ்வளவு என்று விற்பனைப் பிரதிநிதிக்குக் கமிஷன் கொடுப்பவர்களுக்கோ நட்டம் மறுபக்கத்தால் வருகிறது. ஒரு ஓடருக்கு மூன்று கமிஷன் போகிறது.

தீர்வு பில்லை ஒன்றாக்குவது அல்ல. ஒவ்வொரு லொறியோடும் அதற்குரிய பில் போகத்தான் வேண்டும். வற் வரிக்குப் பதிவு செய்தவர்கள் தமது வரிப் பட்டியல்களின் தொடர் இலக்கத்தைக் குழப்பவும் கூடாது. பில்லுக்குத் தனி இலக்கம் இருக்கட்டும். அதற்கு மேலதிகமாக ஓடர் இலக்கத்தையும் ஒவ்வொரு பில்லிலும் எழுதுங்கள். 412 இன் மூன்று பில்லிலும் 412 இருக்க வேண்டும். இணைய வியாபார மென்பொருட்களும் இதையே செய்கின்றன. மஜென்டோ மென்பொருளில் 2018 இல் பல களஞ்சிய வசதி வந்தபோது, ஒரே ஓடரின் கீழ் ஒவ்வொரு களஞ்சியத்தின் அனுப்புகையும் தனித்தனியாகப் பதியப்படும்படியே அமைத்தார்கள்.

எது ஒரு ஓடர் என்பதையும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் ஒரு தடவையில் கேட்டது ஒரு ஓடர். அதை எத்தனையாகப் பிரித்தாலும் அது ஒன்றுதான். மிகுதிச் சாமான் கிடைக்காமல் இரத்தானாலும் ஓடர் ஒன்றுதான், பெறுமதி மட்டும் குறையும். ஆனால் மறுநாள் அவரே தொலைபேசியில் “இன்னும் ஐந்து மூடை சேர்த்து அனுப்புங்கள்” என்றால் அது புதிய ஓடர். அதற்குப் புதிய இலக்கம் போட வேண்டும்.

எக்ஸலில் கணக்கு வைப்பவர்கள் ஒரு பில்லுக்கு ஒரு வரி எழுதட்டும். A நிரலில் ஓடர் இலக்கம், B இல் பில் இலக்கம், C இல் ஓடர் திகதி, D இல் அனுப்பிய திகதி, E இல் களஞ்சியம், F இல் கடை, G இல் அந்தப் பில்லின் பெறுமதி. H இன் இரண்டாவது வரியில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNTIF($A$2:A2,A2)=1,1,0)
```

ஒரு ஓடர் இலக்கம் முதன்முதல் வரும் வரியில் 1 விழும், பின்னர் வரும் வரிகளில் 0 விழும். H நிரலைக் கூட்டினால் ஓடர்களின் தொகை வரும். நமது உதாரணத்தில் 3. சாமான் திரும்பி வந்தால் அதே ஓடர் இலக்கத்தோடு கழித்தல் பெறுமதியாகக் கீழே எழுதலாம். தொகை குறையும், ஓடர் எண்ணிக்கை மாறாது.

G நிரலில் கவனம் தேவை. சில எழுதுவினைஞர்கள் மூன்று வரியிலும் முழு ஓடர் பெறுமதியான 1,80,000 ஐ எழுதிவிடுவார்கள். அப்போது 412 மட்டும் 5,40,000 ரூபா விற்பனையாகத் தெரியும். G இன் கூட்டுத்தொகை பில் புத்தகத்தின் கூட்டுத்தொகையோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் இது உடனே பிடிபடும்.

இலக்கம் எழுதும் முறையும் எண்ணிக்கையைக் கெடுக்கும். ஓட்டமாவடியில் 412 என்றும் மூதூரில் O-412 என்றும் எழுதினால் கணினி அவற்றை இரண்டு ஓடராகவே எண்ணும். மாறாக, இரண்டு பிரதிநிதிகளின் ஓடர் புத்தகங்களிலும் 412 இருந்தால் இரண்டு ஓடர் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எழுத்தை ஒதுக்கி, இரு களஞ்சியத்திலும் ஒரே மாதிரி எழுதச் செய்யுங்கள். A நிரலை வரிசைப்படுத்திப் பார்த்து, ஒரே இலக்கத்துக்கு எதிரே இரண்டு கடைகளின் பெயர் இருந்தால் தவறு நடந்திருக்கிறது என்று அறியலாம்.

களஞ்சிய வாரியாக எண்ணும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ஓட்டமாவடி 412, 413 என இரண்டு ஓடருக்குச் சாமான் கொடுத்தது. மூதூரும் 412, 414 என இரண்டுக்குக் கொடுத்தது. இரண்டையும் கூட்டினால் நான்கு, உண்மையில் இருப்பதோ மூன்று. இது பிழையல்ல, 412 இல் இருவருக்கும் பங்கு உண்டு. ஆகவே களஞ்சியங்களின் எண்ணிக்கையைக் கூட்டி மொத்தமாகக் காட்டாதீர்கள். H நிரலை மூதூருக்கு மட்டும் வடிகட்டியும் பார்க்காதீர்கள். 412 இன் 1 ஓட்டமாவடி வரியில் விழுந்திருப்பதால் மூதூருக்கு ஒன்றுதான் காட்டும்.

கடைசியாக மாத எல்லை. 412 இன் 30,000 ரூபா சாமான் செப்டெம்பரில்தான் போனது. ஓடரை ஓடர் திகதிப்படி ஓகஸ்டில் எண்ணுங்கள். விற்பனைத் தொகையைச் சாமான் கொடுத்த திகதிப்படி எழுதுங்கள்: ஓகஸ்டுக்கு 2,10,000, செப்டெம்பருக்கு 30,000. ஆனால் 2,10,000 ஐ மூன்றால் வகுத்து சராசரி ஓடர் 70,000 என்று சொல்லக்கூடாது. சராசரிக்கு அந்த மூன்று ஓடரின் முழுப் பெறுமதியான 2,40,000 ஐயே எடுக்க வேண்டும். இதனால் மாத அறிக்கையில் ‘கிடைத்த ஓடர்’, ‘அனுப்பிய சாமான்’, ‘அனுப்ப மிகுதி’ என மூன்று வரிகள் வைப்பது நல்லது. ஓகஸ்ட் முடிவில் அவை முறையே 2,40,000, 2,10,000, 30,000 என்று இருக்கும். மூன்றாவது வரியைப் பார்த்தால் பனிச்சங்கேணிக் கடைக்காரருக்கு இன்னும் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.