ஆரி ரவிக்கை ஏன் பிடிக்கிறது?

கேள்வி: ஆவடியில் பொட்டிக் வைத்திருக்கிறேன். கடையில் மாட்டியிருக்கும் ஆரி ரவிக்கையைப் பார்த்துத்தான் ஆர்டர் தருகிறார்கள். தைத்துக் கொடுத்தால் பிடிக்கிறது என்கிறார்கள். அளவு சரியாகத்தானே எடுக்கிறேன்?

பதில்: அளவில் தப்பில்லை, வெட்டும் நேரத்தில்தான். ஆரி ஊசி போடும் ஒவ்வொரு சங்கிலித் தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளிழுக்கும். நெருக்கமான வேலையென்றால், சட்டத்திலிருந்து கழற்றியதும் கழுத்தும் கையும் சுருங்கியிருக்கும். அதனால் காஞ்சிபுரம் புடவையோடு வரும் ரவிக்கைத் துணியை முதலில் வெட்டாதீர்கள்; கோடு மட்டும் போட்டுச் சட்டத்தில் கட்டுங்கள். வேலை முடிந்ததும் காகித மாதிரியை மறுபடி வைத்துப் பார்த்து வெட்டுங்கள். பருத்தி லைனிங்கை முந்தின இரவே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விடுங்கள். மாட்டியிருக்கும் ரவிக்கையை உள்பக்கம் திருப்பி அந்த ஓர் அங்குலத்தையும் காட்டுங்கள். கல்யாணப் புடவையோடு வரும் அம்மாக்கள் தேடுவது அதைத்தான்.