பதவி உயர்வு வாழ்த்து

கேள்வி: பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர் மேலாளராகிறார். "கடின உழைப்புக்குக் கிடைத்த பரிசு, மேன்மேலும் வளர்க" என்ற வாழ்த்தை எவ்வாறு திருத்தலாம்?
– வாசகர், போளூர்

பதில்: பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்திவிடும் என்பதே இவ்வாழ்த்தின் குறையாதலால், "உழைப்பு" என்ற பொதுச்சொல்லை நீக்கி, உடன் பணிபுரிந்தோர் நேரில் கண்ட ஒரு செயலை அங்கே வைக்க வேண்டும். சான்றாக, அவர் பாவு எனப்படும் நீளவாட்டு நூலையும் ஊடை எனப்படும் குறுக்கு நூலையும் நெசவாளருக்கு வழங்குகையில் எடையை உரக்கப் படித்துக்காட்டிப் பதிவேட்டில் எழுதியவராயின், வாழ்த்து இவ்வாறு அமையலாம்:

"பாவு, ஊடை எடையை நெசவாளர் முன்னிலையிலேயே படித்துக்காட்டி எழுதியவர் இன்று மேலாளராகிறார். கூலிக் கணக்கில் ஐயம் எழும்போதெல்லாம் அவரது பதிவேட்டையே நாங்கள் புரட்டினோம். வாழ்த்துகள்."

சங்கம் முழுவதும் சேர்ந்து ஈட்டிய விற்பனையை அவர் ஒருவருடைய சாதனையாக எழுதுவது பிழை. எழுதியதை வெளியிடுமுன் அவரிடம் காட்டி ஒப்புதல் பெறுக.