மழை வருவதற்குள் ஏ.சி.யின் தண்ணீர் வழியைப் பாருங்கள்

டெல்லியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 27 என்று இந்திய வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. வைத்திருப்பவர்கள் அதற்குள் அரை மணி நேரம் ஒதுக்கி இரண்டே விஷயங்களைச் சோதித்துவிட வேண்டும். இன்டோர் யூனிட்டிலிருந்து வெளியே போகும் டிரெயின் பைப் அடைபடாமல் இருக்கிறதா? சுவரில் மாட்டிய யூனிட் மட்டமாக இருக்கிறதா? ஜூலையில் கட்டில்மீதும் சுவர்மீதும் சொட்டும் தண்ணீருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அந்தக் கோளாறு ஜூலையில் புதிதாக முளைப்பதும் இல்லை. ஏப்ரல், மே புழுதியிலோ, யூனிட்டை மாட்டிய நாளிலோ உண்டாகி, தண்ணீர் குறைவாக இருந்தவரை வெளியே தெரியாமல் கிடக்கிறது.

"மே மாதம் முழுக்க இரவும் பகலும் ஓடியது, ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பைப்பும் சாய்வும் கோளாறு என்றால் அப்போதே ஒழுகியிருக்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் டெல்லியின் காற்றில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத்தான் ஏ.சி.க்குள் இருக்கும் குளிர்ந்த காயிலும் வியர்க்கிறது. காற்றில் ஈரம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். லூ வீசும் மே மதியத்தில் வெயில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கிலோவுக்கு ஏறத்தாழ 8 கிராம் நீராவிதான் இருக்கும். அதைப் பத்து டிகிரி வரை குளிர வைத்தால்தான் தண்ணீர் பிரியத் தொடங்கும். காயிலின் குளிர்ச்சியும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. அதனால் மே மாதத்தில் ஏ.சி. பிழியும் தண்ணீர் பெரும்பாலும் அறையில் இருப்பவர்களின் மூச்சும் வியர்வையும்தான். மழை தொடங்கிய பிறகு 33 டிகிரி, 75 சதவீதம் ஈரப்பதம் என்று ஆகும்போது அதே ஒரு கிலோ காற்றில் 24 கிராமுக்குக் குறையாது. மூன்று மடங்கு. நன்கு ஓடும் ஒன்றரை டன் ஏ.சி. அந்த நாள்களில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் எடுக்கும்.

இந்த மாற்றம் படிப்படியாக வருவதும் இல்லை. 2024இல் ஜூன் நடுப்பகுதி வரை அனலில் வெந்த டெல்லியில், ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங் நிலையம் 228.1 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. அப்படி ஒரே இரவில் பருவம் மாறும்போது, மணிக்கு நூறு, இருநூறு மில்லியைச் சிரமப்பட்டு வெளியேற்றிக்கொண்டிருந்த பைப்பிடம் திடீரென ஒன்றரை லிட்டர் வந்து சேர்கிறது. பாதி அடைபட்ட பைப் முதல் அளவுக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. தண்ணீர் தட்டில் ஏறி, விளிம்பைத் தாண்டி அறைக்குள் விழுகிறது.

அடைப்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரியும். காயிலுக்குக் கீழே ஒரு நீண்ட பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. சொட்டும் நீரை அது வாங்கி ஒரு ஓரத்துத் துளை வழியாகப் பைப்புக்கு அனுப்புகிறது. டெல்லியில் ஏப்ரலிலிருந்து அடிக்கும் ஆந்தியின் நுண்புழுதி ஃபில்ட்டரையும் தாண்டி ஈரமான காயிலில் ஒட்டுகிறது. பிறகு நீரோடு கழுவப்பட்டுத் தட்டுக்கு வருகிறது. அங்கே இருட்டும் ஈரமும் இருப்பதால் நுண்ணுயிரிகள் வளர்ந்து, புழுதியையும் சேர்த்துக்கொண்டு, சளிபோன்ற கொழகொழப்பான ஒரு படலமாகத் திரள்கின்றன. அது படியும் இடங்கள் இரண்டு: தட்டின் துளை, பைப் தொய்ந்து வளைந்த பள்ளம். சுருள் சுருளான வளையும் பைப் என்றால் ஒவ்வொரு மடிப்பும் அழுக்குக்கு இடம் தரும். பால்கனியில் பைப்பின் நுனியைப் பக்கெட் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பது இன்னொரு காரணம். நுனி மூழ்கிவிட்டால் பைப்புக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீரைத் தடுக்கும். தண்ணீரைச் சேர்த்துத் தரை துடைக்கப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். நுனி மட்டும் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கட்டும். பக்கெட்டை வாரத்தில் ஒரு நாளாவது முழுக்கக் காலி செய்து தேய்த்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இதுபோன்ற தெளிந்த தேங்குநீரில்தான்.

சோதனை எளியது. முதலில் ஏ.சி.யின் எம்.சி.பி.யை அணையுங்கள், ரிமோட்டில் அணைப்பது போதாது. முன்மூடியைத் தூக்கி ஃபில்ட்டர்களைக் கழற்றினால் காயிலின் தகடுகள் தெரியும். அரை லிட்டர் சுத்தமான தண்ணீரை, பைப் இருக்கும் ஓரத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, தகடுகள்மீது மெதுவாக ஊற்றுங்கள். எலெக்ட்ரானிக் போர்டு இருக்கும் பக்கம் (பல மாடல்களில் வலது ஓரம்) ஒரு துளியும் போகக் கூடாது. போர்டும் பைப்பும் எதிரெதிர் ஓரங்களில் இருந்தால் நடுவில் ஊற்றுங்கள். ஊற்றும்போதே இன்னொருவர் பைப்பின் வெளிநுனியில் ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் தாரையாக வரத் தொடங்கி, ஊற்றியதில் பெரும்பகுதி பாட்டிலில் சேர்ந்துவிட்டால் வழி சரி. துளித் துளியாகச் சொட்டி, உள்ளே தட்டில் தண்ணீர் ஏறினால் அடைப்பு. வெளியே நன்றாக வந்தும் தட்டின் எதிர் ஓரத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றால், பைப்பின் மேல் குற்றமில்லை. யூனிட் தப்பான பக்கம் சாய்ந்திருக்கிறது.

சாய்வை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஒரு மீட்டர் அகல யூனிட். பைப் வலது ஓரத்தில். சுவரில் இரும்புத் தகட்டை அறைந்தபோது இடது பக்க ஆணிகள் பூச்சு மண்ணில் சரியாகப் பிடிக்காமல் இறங்கியதால், வலது ஓரம் இடதைவிட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் தட்டின் ஆழமே சில சென்டிமீட்டர்தான். வலதுபக்கத் துளையைத் தண்ணீர் எட்டுவதற்குள் இடது ஓரத்தில் அது விளிம்பை நெருங்கிவிடும். மே மாதச் சிறு வரத்தில் அந்த நிலை அப்படியே தாங்கும். ஜூலையில் மட்டம் இன்னும் அரை சென்டிமீட்டர் ஏறினாலே இடது மூலையில் சொட்டத் தொடங்கும். பைப் இருக்கும் ஓரத்துக்கு எதிர்மூலையில் சொட்டுகிறதா என்பதே சாய்வுக்கு நம்பகமான அடையாளம். உறுதிசெய்ய, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை யூனிட்டின் மேல்விளிம்பில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை சற்று வளைந்திருக்கலாம் என்பதால், திருத்தும்போது யூனிட்டை இறக்கி, பின்னால் உள்ள இரும்புத் தகட்டிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் பைப் பக்கமாக நன்றாகச் சாய்த்துவிட்டால் கவலையே இல்லையே என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பல நிறுவனங்கள் தட்டுக்குள்ளேயே சரிவு வைத்துத்தான் யூனிட்டை வடிவமைக்கின்றன. வெளிப்புறம் மட்டமாக இருந்தால் போதும். பைப் பக்கம் ஒரு சில மில்லிமீட்டர் தாழ்ந்தால் கெடுதலில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாய்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே மூலையில் குவிந்து, பைப் கொஞ்சம் மந்தமானாலும் அந்தப் பக்கம் வழிந்துவிடும். உண்மையில் சரிவு வேண்டியது பைப்புக்கு. சுவர்த் துளையைவிட்டு வெளியேறியதும் ஓரிடத்திலும் மேலே ஏறாமல் அது கீழ்நோக்கியே போக வேண்டும். சுவர்த் துளையே வெளிப்பக்கம் உயர்ந்திருக்கும்படி துளைத்திருந்தால் யூனிட்டை எப்படித் திருப்பினாலும் பயனில்லை; துளையைத்தான் திருத்த வேண்டும்.

கேஸ் குறைந்தாலும் தண்ணீர் சொட்டும் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. கேஸ் கசிந்து குறைந்தால் காயிலில் பனி படியும். அது உருகும்போது தட்டுக்கு வெளியேயும் விழும். ஃபில்ட்டர் புழுதியால் அடைந்து காற்று செல்லாவிட்டாலும் இதேதான் நடக்கும். ஆனால் பிரித்தறிவது கடினமல்ல. பனி படிந்த ஏ.சி. சரியாகக் குளிராது, காற்று மெலிந்து வரும், அணைத்த பிறகு கொட்டும். அறை நன்றாகக் குளிர்ந்துகொண்டே ஓடும் நேரமெல்லாம் சீராகச் சொட்டினால் கேஸின் மேல் பழி போடக் காரணமில்லை. கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை; கசிவு இருந்தால்தான் குறையும். ஆகவே கேஸ் போட வேண்டும் என்று சொல்பவரிடம், காயிலில் பனி எங்கே, கசிவு எங்கே என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் முதலில் மேலே சொன்ன அரை லிட்டர் தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அடைப்பு என்று தெரிந்தால் வெளிநுனியிலிருந்து உறிஞ்சி எடுப்பதே நல்லது. தண்ணீரையும் இழுக்கும் வாக்குவம் கிளீனரின் குழாயைப் பைப் நுனியில் வைத்து, சேருமிடத்தை ஈரத்துணியால் இறுக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் சளிப்படலம் உருண்டு வெளியே வரும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரை மேலிருந்து விட்டுக் கழுவுங்கள். வெளியிலிருந்து காற்றை அடித்து உள்ளே தள்ளாதீர்கள். அழுக்கு மீண்டும் தட்டுக்கே வரும். சுவருக்குப் பின்னால் வெறும் அழுத்தத்தில் செருகியிருக்கும் பைப் இணைப்பு கழன்றும் போகலாம். அப்படிக் கழன்றால் தண்ணீர் யூனிட்டிலிருந்து சொட்டாமல், அதன் பின்புறச் சுவரில் இறங்கிப் பி.ஓ.பி. பூச்சை உப்ப வைக்கும். ஆசிட், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். காயிலின் அலுமினியத் தகடுகளை அவை அரிக்கும்.

சர்வீஸ் செய்து முடித்த பிறகுதான் ஒழுகத் தொடங்கியது என்ற புகாரிலும் நியாயம் உண்டு. ஜெட் பம்பில் காயிலைக் கழுவும்போது அதிலிருந்த அத்தனை புழுதியும் தட்டுக்கு இறங்குகிறது. பைப்பைக் கழுவாமல் மூடியைப் போட்டுவிட்டால் ஒரு வாரத்தில் அது துளையை அடைக்கும். மெக்கானிக் கிளம்புவதற்கு முன் தண்ணீர் ஊற்றும் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். இப்போதே சொட்டிக்கொண்டிருந்தால், யூனிட்டுக்குக் கீழே பிளக் பாயின்ட்டோ இன்வெர்ட்டரோ இருந்தால், முதலில் எம்.சி.பி.யை அணைத்து, இன்வெர்ட்டரை அங்கிருந்து நகர்த்திய பிறகு மற்றதைப் பாருங்கள். யூனிட்டைச் சுவரிலிருந்து இறக்கி மட்டம் திருத்தும் வேலையை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். பின்னால் வரும் செம்புக் குழாய் கொஞ்சம் மடங்கினாலே கேஸ் கசியக்கூடும். அதற்கு மெக்கானிக்கும், தாங்கிப் பிடிக்க இன்னொருவரும் வேண்டும்.